இஸ்பிர் தெரிகிறது, வன்ஹ ஏன் தெரிவதில்லை? அரபு ஏவலும் விலக்கலும்

கேள்வி: லுக்மான் அத்தியாயத்தின் 17 முதல் 19 வரையுள்ள வசனங்களில் ஏவல் வினைகளையும் விலக்கல் வினைகளையும் தனித்தனியாக எடுத்து எழுதச் சொன்னார்கள். எனக்கு அகிம், இஸ்பிர் இரண்டும்தான் பிடிபட்டன. லா வந்த மூன்றையும் விலக்கல் என்று எழுதினேன், தவறு என்றார்கள். மூல எழுத்துகளிலிருந்து இவை எப்படி உருவாகின்றன? வசனத்தில் பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வசனங்களில் ஏவல் ஆறு, விலக்கல் இரண்டு. லா மூன்று முறை வருகிறது, ஆனால் மூன்றாவது லா விலக்குவதில்லை, வெறுமனே மறுக்கிறது. இனி வசனங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தமிழில் எழுதும்போது ஸீனும் ஸாதும் ஒன்றாகிவிடும், இரண்டு காஃபும் ஒன்றாகிவிடும். எனவே அரபு மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ரமளானில் வரும் ள்தான் இங்கே ளாத் எழுத்துக்கு நிற்கிறது.

"யா புனைய்ய, அகிமிஸ் ஸலாத்த, வஃமுர் பில்மஃரூஃபி, வன்ஹ அனில் முன்கரி, வஸ்பிர் அலா மா அஸாபக்க, இன்ன தாலிக்க மின் அஸ்மில் உமூர். வலா துஸஃஇர் கத்தக்க லின்னாஸி, வலா தம்ஷி ஃபில் அர்ளி மரஹா, இன்னல்லாஹ லா யுஹிப்பு குல்ல முக்தாலின் ஃபகூர். வக்ஸித் ஃபீ மஷ்யிக்க, வக்ளுள் மின் ஸவ்திக்க, இன்ன அன்கரல் அஸ்வாத்தி லஸவ்துல் ஹமீர்."

மகனே, தொழுகையை நிலைநிறுத்து, நல்லதை ஏவு, தீயதைத் தடு, உனக்கு நேர்வதைப் பொறுத்துக்கொள் என்று தொடங்கும் தந்தையின் பேச்சு இது. மக்களிடம் கன்னத்தைத் திருப்பிக்கொள்ளாதே, செருக்கோடு நடக்காதே என்று நடுவில் விலக்குகிறது. நடையில் நிதானம் கொள், குரலைத் தாழ்த்து என்று முடிகிறது.

தமிழ் பேசுகிறவர்கள் இங்கே தடுமாறுவதற்குத் தமிழே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் வினையின் பகுதியே ஏவல். நட, வா, செய், படி என்று சொன்னால் அதுவே மூலம், அதுவே கட்டளை. அந்தப் பழக்கத்தில் அரபிலும் மூன்று மூல எழுத்துகளை வைத்துக்கொண்டு நேரடியாகக் கட்டளையைத் தேடுகிறோம். அரபில் மூலம் என்பது வாயால் சொல்லக்கூடிய சொல்லே அல்ல, வெறும் மெய்களின் வரிசை. அதிலிருந்து ஏவலுக்கு நேர்வழி கிடையாது. நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு. நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் சேர்த்துக் குறிக்கும் முளாரிஉ வடிவம்தான் அந்த நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் இறங்காமல் போகிறவர்களுக்கு வன்ஹ என்பது ஒரு வினை என்றே தெரியாது.

வழியை இஸ்பிர் என்பதில் காட்டுகிறேன், ஏனென்றால் அதில் எந்தச் சிக்கலும் இல்லை. மூலம் ஸாத், பா, ரா. பொறுத்தான் என்பது ஸபர. பொறுக்கிறான் என்பது யஸ்பிரு. அதையே "நீ" என்ற முன்னிலைக்கு மாற்றினால் தஸ்பிரு. இப்போது கடைசி எழுத்தின் உயிரை எடுத்துவிடுங்கள், அதாவது ஜஸ்ம் கொடுங்கள். தஸ்பிர் என்று நிற்கும். இந்த இடத்தில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்னால் லா போட்டால் லா தஸ்பிர், பொறுக்காதே என்ற விலக்கல் தயார். லாவுக்குப் பதிலாக முன்னால் இருக்கும் தவை வெட்டினால் ஸ்பிர் என்று மிஞ்சும், அதுதான் ஏவலின் உடல்.

ஸ்பிர் என்று உயிரில்லாத மெய்யில் அரபுச் சொல் தொடங்காது. நம் ஊரில் ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்கிறவர்கள் செய்கிற வேலையைத்தான் அரபும் செய்கிறது. முன்னால் ஓர் உயிரை ஒட்டவைக்கிறது. இஸ்பிர். அந்த ஒட்டு உயிர் இ ஆக இருக்குமா, உ ஆக இருக்குமா என்பதை நடு எழுத்து முடிவு செய்கிறது. நடு எழுத்தில் ளம்மா இருந்தால் உ, ஃபத்ஹாவோ கஸ்ராவோ இருந்தால் இ. தக்துபு என்பதிலிருந்து உக்துப், தஜ்லிஸு என்பதிலிருந்து இஜ்லிஸ், தஃப்தஹு என்பதிலிருந்து இஃப்தஹ். மக்தபில் பேஷ், ஜேர், ஜபர் என்று படித்தவர்கள் அந்தப் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். நடு எழுத்தின் உயிர் எது என்பதை மூல எழுத்துகளைப் பார்த்து ஊகிக்க முடியாது. யஸ்பிரு என்பதில் கஸ்ரா என்பதும் யக்துபு என்பதில் ளம்மா என்பதும் அகராதியைப் பார்த்தோ கேட்டுப் பழகியோ தெரிந்துகொள்ள வேண்டியவை. அதனால்தான் ஒரு வினையை மனப்பாடம் செய்யும்போது ஸபர என்று மட்டும் படிக்காமல் ஸபர யஸ்பிரு என்று இரட்டையாகப் படிக்கச் சொல்வார்கள். எனக்குப் பாடம் சொன்னவர் ஒற்றையாகச் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார்.

உருவாக்குவது இவ்வளவுதான். அடையாளம் காண்பது இதையே பின்னோக்கிச் செய்வது. முன்னால் உள்ள வ, ஃப போன்ற இணைப்புகளைக் கழற்றுங்கள். ஒட்டு உயிர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். மிஞ்சியதற்கு முன்னால் தவை வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு முளாரிஉ எழுந்து வந்தால் அது ஏவல்.

ஆனால் இங்கே வ என்ற இணைப்பு ஒரு வேலை செய்துவிடுகிறது. ஒட்டு உயிர் பேச்சின் தொடக்கத்துக்கு மட்டும் வந்த விருந்தாளி. முன்னால் வேறு எழுத்து வந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை, ஒலியில் மறைந்துவிடும். எழுத்தில் அலிஃப் மட்டும் ஊமையாக நிற்கும். இஸ்பிர் என்பது வஸ்பிர் ஆகிறது, இக்ஸித் என்பது வக்ஸித் ஆகிறது, உக்ளுள் என்பது வக்ளுள் ஆகிறது. இந்த வசனங்களில் ஆறு ஏவல்களில் ஐந்து வவுக்குப் பின்னால்தான் வருகின்றன. புத்தகத்தில் இ, உ என்று தொடங்கும் ஏவல்களைப் படித்துவிட்டு, வசனத்தில் அதே முகத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வாவ், பிறகு ஊமை அலிஃப், பிறகு ஸுகூன் உள்ள மெய், சொல்லின் கடைசியிலும் ஸுகூன். கண் தேட வேண்டிய உருவம் அதுதான். வஸ்பிர், வக்ஸித், வக்ளுள் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

இனி வசனத்தின் வரிசையில் போகலாம். அகிம் உங்களுக்குத் தெரிந்தது என்றீர்கள், ஆனால் அது ஏன் அகிம் என்று கேட்டால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். மூலம் காஃப், வாவ், மீம். அதன் எளிய வினை காம யகூமு, அவன் நின்றான், நிற்கிறான். நம் சூத்திரப்படி தகூமு, ஜஸ்ம் கொடுத்தால் தகூம். நீண்ட ஊவும் அதற்குப் பின்னால் ஸுகூன் பெற்ற மீமும் அடுத்தடுத்து நிற்க முடியாது என்பதால் ஊ குறுகித் தகும் ஆகிறது. தவை வெட்டினால் கும். முதல் எழுத்துக்கு உயிர் இருக்கிறது, ஒட்டு தேவையில்லை. கும் என்றால் எழுந்து நில்.

வசனத்தில் வருவது அதுவல்ல, நிற்கச் செய் என்ற பிறவினை. அகாம யுகீமு. வளைகுடாவில் வேலை செய்தவர்கள் கையில் வைத்திருக்கும் இகாமாவும், தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத்தும் இந்த வினையின் பெயர்ச்சொற்கள்தாம். யுகீமு, முன்னிலையில் துகீமு, ஜஸ்ம் கொடுத்தால் துகிம். துவை வெட்டினால் கிம் என்றுதானே வர வேண்டும்? அகிம் என்று எப்படி வந்தது? இந்தப் பிறவினை வாய்பாட்டின் முளாரிஉவில் முதலில் ஒரு ஹம்ஸா இருந்தது என்று இலக்கணிகள் விளக்குவார்கள். யுஅக்விமு என்பது அதன் பழைய உரு. நான் என்று சொல்லும்போது இரண்டு ஹம்ஸா அடுத்தடுத்து வந்து நாவுக்கு இடறியதால் ஒன்றை விட்டார்கள், பிறகு மற்ற இடங்களிலும் விட்டுவிட்டார்கள். துவை வெட்டியதும், விட்டுப்போன ஹம்ஸா தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்காருகிறது. இது ஒட்டு உயிர் அல்ல, சொந்தக்காரன். வ வந்தாலும் மறையாது, வஅகிம் என்றே சொல்வோம். ஹூத் அத்தியாயத்தின் 114ஆம் வசனத்தில் அப்படித்தான் வருகிறது. அ என்று தொடங்கும் ஏவலைக் கண்டால் அது இந்தப் பிறவினை வாய்பாடு என்று தயங்காமல் எழுதலாம்.

அதே சொல்லில் இன்னொரு குழி இருக்கிறது. வசனத்தில் நாம் ஓதுவது அகிமிஸ் ஸலாத்த. மீமுக்கு இ எங்கிருந்து வந்தது? ஜஸ்மினால் மீமுக்கு ஸுகூன், அடுத்த அஸ்ஸலாத்தின் தொடக்கத்திலும் ஸுகூன். இரண்டு ஸுகூன் மோதாமல் இருக்க ஒரு கஸ்ரா நடுவில் வந்தது, அவ்வளவுதான். பெண்ணைப் பார்த்துச் சொல்லும் அகீமீ என்பதும் அஸ்ஸலாத்தோடு சேரும்போது கடைசி ஈ குறுகும். ஆனால் அங்கே நடுவிலும் நீண்ட ஈ இருக்கும், எழுத்தில் கடைசி யாவும் இருக்கும். மகனிடம் சொல்லும் அகிமில் இரண்டு யாவும் கிடையாது. காதை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

அடுத்து வஃமுர். மூலம் ஹம்ஸா, மீம், ரா. அமர யஃமுரு. தஃமுர் என்பதில் தவை வெட்டி உவை ஒட்டினால் உஃமுர் என்று வர வேண்டும். இரண்டு ஹம்ஸா அடுத்தடுத்து வருவதை அரபு விரும்பாததால், வாக்கியத்தின் தொடக்கத்தில் இந்தச் சொல்லை முர் என்றே சுருக்கிச் சொல்வார்கள். "உங்கள் பிள்ளைகளைத் தொழுமாறு ஏவுங்கள்" என்ற நபிமொழி முரூ அவ்லாதக்கும் என்றுதான் தொடங்குகிறது. வ வந்தால் ஒட்டு மறைந்துவிடும், மோதலும் இல்லை, எனவே சொந்த ஹம்ஸா வெளியே வந்து வஃமுர் ஆகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த குல் (உண்), குத் (எடு) இரண்டும் பிடிவாதக்காரர்கள். வ வந்தாலும் ஹம்ஸாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் வருவது வகுலூ, உண்ணுங்கள்.

இப்போது வன்ஹ. உங்களைப் போலப் பலர் தவறவிடுவது இதைத்தான். மூலம் நூன், ஹா, யா. நஹா யன்ஹா, தடுத்தான், தடுக்கிறான். தன்ஹா என்பதற்கு ஜஸ்ம் கொடுக்க வேண்டும். கடைசியில் இருப்பது நீண்ட ஆ, அதிலிருந்து எடுக்க உயிர்க்குறி ஒன்றும் இல்லை. எனவே ஜஸ்ம் அந்த நீளத்தையே தின்றுவிடுகிறது, தன்ஹ என்று குறுகுகிறது. தவை வெட்டி இ என்ற உயிரை ஒட்டினால் இன்ஹ. வ சேர்ந்தால் வன்ஹ. மூன்று மூல எழுத்துகளில் நூனும் ஹாவும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உயிர்க்குறி இல்லாத அச்சில் வாவ், அலிஃப், நூன், ஹா என்று மட்டும் இருக்கும். ஹம்ஸாவைக் கவனமாகப் போடாத அச்சில் வஇன்னஹு, "நிச்சயமாக அவன்", என்பதும் அதே நான்கு எழுத்துகள். ஒரு மாணவர் என்னிடம் இதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். பின்னால் அனில் முன்கரி, தீயதிலிருந்து, என்று இருப்பதைப் பார்த்திருந்தால், அன் என்ற இடைச்சொல்லோடு சேரும் ஒரு வினை அங்கே வேண்டும் என்று புரிந்திருக்கும்.

கடைசி எழுத்து விழுந்துபோன இத்தகைய வினைகளில் அது எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க ஒரு தடயம் மிஞ்சியிருக்கும். விழுந்த நீள உயிரின் குறில் அங்கே நிற்கும். யன்ஹா என்பதிலிருந்து இன்ஹ, யம்ஷீ என்பதிலிருந்து இம்ஷி, யத்ஊ என்பதிலிருந்து உத்உ. ஸுகூனில் முடிய வேண்டிய ஏவல் ஒரு குறிலில் முடிந்தால், அடுத்த சொல்லோடு சேர்வதற்கு வந்த உயிரா என்று முதலில் பாருங்கள். அது இல்லை, கடைசி எழுத்து இரட்டித்தும் நிற்கவில்லை என்றால் மூலத்தின் கடைசியில் வாவோ யாவோ காணாமல் போயிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அரபு இலக்கணத்தில் ஏவலுக்குப் பெயர் அம்ர், விலக்கலுக்குப் பெயர் நஹ்யு. இரண்டு பெயர்களின் மூலங்களும் இந்த ஒரே வசனத்தில் வினைகளாக வந்துவிட்டன, வஃமுர், வன்ஹ. அதிலும் வன்ஹ என்பதன் பொருள் தடு. பொருளை மட்டும் பார்த்து அதை விலக்கல் பட்டியலில் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். தடு என்பது கட்டளைதான். விலக்கல் என்றால் "தடுக்காதே" என்று லா தன்ஹ வந்திருக்க வேண்டும்.

18ஆம் வசனத்துக்கு வருவோம். துஸஃஇர் என்பதில் மூலம் ஸாத், ஐன், ரா. நடு எழுத்து இரட்டித்த வாய்பாடு, ஸஃஅர யுஸஃஇரு. ஒட்டகத்துக்கு வந்து கழுத்தைக் கோணலாக்கும் ஒரு நோயின் பெயர் ஸஅர். கர்வத்தில் கன்னத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதனுக்கு அந்த மூலத்தை எடுத்திருக்கிறார்கள். முன்னால் து இருப்பதைக் கவனியுங்கள், த அல்ல. எளிய வினையில் முன்னொட்டு த, பிறவினை, இரட்டித்த வினை, ஸாஹப போல முதல் எழுத்து நீண்ட வினை மூன்றிலும் முன்னொட்டு து. விலக்கல் இந்த முன்னொட்டை வெட்டாமல் வைத்திருப்பதால், எந்த வாய்பாடு என்பதை ஏவலைவிட விலக்கல்தான் வெளிப்படையாகச் சொல்கிறது. இதன் ஏவல் ஸஃஇர், ஒட்டு தேவையில்லை. நாஃபிஉ போன்ற ஓதல் இமாம்கள் இதே இடத்தை லா துஸாஇர் என்று ஓதியிருக்கிறார்கள். வாய்பாடு மாறுகிறது, விலக்கல் மாறவில்லை.

அடுத்தது லா தம்ஷி. மூலம் மீம், ஷீன், யா. தம்ஷீ என்பதன் யா ஜஸ்மினால் விழுந்து தம்ஷி. தவையும் மூல எழுத்தாக எண்ணித் தா, மீம், ஷீன் என்று அகராதியில் தேடுகிறவர்கள் உண்டு. லாவுக்கு அடுத்து வரும் த எப்போதும் சந்தேகத்துக்குரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இன்னொன்று. யாவோடு லா தம்ஷீ என்று எழுதினால் அது பெண்ணிடம் சொல்வதாகிவிடும். அந்த யா மூலத்தின் யா அல்ல, பெண்பால் விகுதி. சமூக ஊடகங்களில் அரபுகளே ஆணிடம் சொல்லும்போது யாவைச் சேர்த்து எழுதிவிடுவதைப் பார்க்கலாம், ஏனென்றால் பேச்சு வழக்கில் நீட்டித்தான் சொல்கிறார்கள். அதைப் பார்த்துத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

மூன்றாவது லா, லா யுஹிப்பு. இங்கே உங்கள் பட்டியல் தவறியது. அல்லாஹ் நேசிப்பதில்லை என்பது செய்தி, யாரையும் தடுக்கவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது? கடைசியைப் பாருங்கள். விலக்கும் லா தனக்குப் பின்னால் வரும் வினையை ஜஸ்மாக்கும், மறுக்கும் லா தொடவே தொடாது. யுஹிப்பு என்பதில் ளம்மா அப்படியே இருக்கிறது. விலக்கும் லாவாக இருந்திருந்தால் யுஹிப்ப என்றோ யுஹ்பிப் என்றோ ஆகியிருக்கும். முன்னால் ய இருப்பதையும் ஒரு குறிப்பாகக் கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஹுஜ்ராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் லா யஸ்கர் கவ்முன், ஒரு கூட்டத்தார் பரிகசிக்க வேண்டாம், என்று படர்க்கையையே விலக்குகிறது. அங்கே ரா ஸுகூனில் நிற்கிறது, அதுதான் சாட்சி. பன்மையில் சாட்சி நூன். லா தஃபுதூன என்று நூன் இருந்தால் மறுப்பு, லா தஃபுதூ என்று நூன் விழுந்திருந்தால் விலக்கல். பகரா அத்தியாயத்தின் 83ஆம் வசனத்தில் நூனோடு லா தஃபுதூன என்று வந்து, பொருளில் விலக்கலாக இருக்கிறது. வடிவத்தைக் கேட்டால் மறுப்பு என்றே எழுதுங்கள். கருத்தைக் கேட்டால் விளக்கவுரைகாரர்கள் சொல்வதை எழுதலாம்.

19ஆம் வசனத்தின் வக்ஸித் எளிது, காஃப், ஸாத், தால், யக்ஸிது. வக்ளுள்தான் சற்று நின்று பார்க்க வேண்டியது. மூலம் கைன், ளாத், ளாத். கள்ள யகுள்ளு என்று இரண்டு ளாதும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். ஜஸ்ம் கொடுக்கும்போது அரபுக் குலத்தார் இரண்டு வழியில் போனார்கள். ஹிஜாஸ்காரர்கள் இரண்டையும் பிரித்துத் தக்ளுள் என்றார்கள், அதிலிருந்து உக்ளுள். தமீம் குலத்தார் பிரிக்காமல் தகுள்ள என்றார்கள், அதிலிருந்து குள்ள. குர்ஆனின் இந்த இடம் ஹிஜாஸ் வழக்கு. உமைய்யாக் காலக் கவிஞர் ஜரீர் தமீம் குலத்தவர். எதிரிக் குலத்தானைப் பார்த்துப் "பார்வையைத் தாழ்த்து" என்று அவர் பாடிய புகழ்பெற்ற வசைக்கவிதையில் அதே வினை பிரியாமல் நிற்கிறது. ஒரே மூலம், ஒரே கட்டளை, இரண்டு உருவம். எனவே அகராதியில் வக்ளுள் என்பதைத் தேடும்போது இரண்டு ளாதைக் கண்டதும் மூலத்தின் கடைசி இரண்டு எழுத்தும் ஒன்றாக உள்ள வினையைத் தேடுங்கள்.

பன்மைக்குத் தனியாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை. அஃராஃபின் அந்த 31ஆம் வசனத்தையே எடுங்கள், வகுலூ வஷ்ரபூ வலா துஸ்ரிஃபூ, உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள். தஷ்ரபூன என்பதில் ஜஸ்ம் நூனைத் தள்ளியது, தவை வெட்டி இ என்ற உயிரை ஒட்டினால் இஷ்ரபூ, வ வந்து அந்த உயிரை விழுங்கியது. துஸ்ரிஃபூ என்பதில் து இருப்பதால் பிறவினை வாய்பாடு. அதன் ஏவலை நீங்களே சொல்லிவிடுவீர்கள், அஸ்ரிஃபூ. ஒரே ஓர் எச்சரிக்கை. பன்மையில் நூன் விழுந்தபின் இறந்தகாலமும் ஏவலும் சில வாய்பாடுகளில் ஒரே எழுத்துகளாகிவிடும், உயிர் மட்டுமே வேறு. பகரா 102இல் வத்தபஊ என்பது "பின்பற்றினார்கள்", ஸுமர் 55இல் வத்தபிஊ என்பது "பின்பற்றுங்கள்". பாவில் ஃபத்ஹா, கஸ்ரா என்ற அந்த ஒரு வேறுபாட்டில்தான் இரண்டும் நிற்கின்றன.

உயிர்க்குறி இல்லாத இடங்களில் என்ன செய்வது என்பதற்குத் தெருவே நல்ல பயிற்சி. அரபு நாடுகளில் வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பலகையில் காஃப், ஃபா என்று இரண்டே எழுத்துகள் இருக்கும். கிஃப். மூலம் வாவ், காஃப், ஃபா. வகஃப யகிஃபு, முளாரிஉவிலேயே வாவ் விழுந்துவிட்டது, தகிஃப் என்பதில் தவை வெட்டினால் கிஃப். கடைக் கதவில் இத்ஃபஃ, தள்ளு, என்று இருக்கும். அதே எழுத்துகளை அத்ஃபஉ, நான் செலுத்துகிறேன், என்றும் வாசிக்கலாம். கதவில் இருப்பதால் அது கட்டளை, கடிதத்தில் இருந்தால் வேறு. "புகை பிடிக்காதே" என்ற இடத்தில் விலக்கல் வினையைத் தேடி ஏமாறாதீர்கள், மம்னூஉத் தத்கீன் என்று பெயர்ச்சொல்லாகவே பெரும்பாலும் எழுதுவார்கள்.

உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு துஆவில் இந்த முறையைப் போட்டுப் பாருங்கள். ரப்பனா ஆத்தினா ஃபித்துன்யா ஹஸனதன், வஃபில் ஆகிரத்தி ஹஸனதன், வகினா அதாபன்னார். ஆத்தினா என்பதில் கடைசி னாவைக் கழற்றுங்கள், அது "எங்களுக்கு". மிஞ்சுவது ஆத்தி. மூலம் ஹம்ஸா, தா, யா. பிறவினை, யுஃதீ, ஜஸ்மில் துஃதி. துவை வெட்டினால் அகிமைப் போலவே வாய்பாட்டின் ஹம்ஸா திரும்பி வருகிறது, அது மூலத்தின் ஹம்ஸாவோடு சேர்ந்து ஆ என்று நீண்டுவிட்டது. இறைவனை நோக்கிச் சொல்வதால் இதை ஏவல் என்று சொல்லாமல் துஆ என்பார்கள், நாமும் "தா" என்ற இடத்தில் "தருவாயாக" என்று வியங்கோளில் எழுதுகிறோம். வடிவத்தில் இரண்டுக்கும் எழுத்தளவும் வேறுபாடு இல்லை.

வகினாவில்தான் வேடிக்கை. வ, கி, னா. மூலம் வாவ், காஃப், யா, காத்தல். கண்ணுக்கு முன்னால் ஒரு வாவ் இருப்பதால் அதுதான் மூலத்தின் வாவ் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அல்ல, அது "மேலும்" என்ற இணைப்பு. வகா யகீ என்பதில் மூலத்தின் வாவ் கிஃப் போல முளாரிஉவிலேயே விழுந்துவிட்டது, தகீ என்பதன் யா ஜஸ்மில் விழுந்துவிட்டது, தவை நாம் வெட்டிவிட்டோம். முழு வினையில் எஞ்சியது கி என்ற ஒரே எழுத்து. அந்த ஒற்றை எழுத்தைப் பின்னால் எதுவும் சேர்க்காமல் தனியாகச் சொல்லி நிறுத்த வேண்டி வந்தால், நிறுத்துவதற்கு ஒரு மெய் வேண்டுமே என்று ஒரு ஹாவைக் கடன் வாங்கிக் கிஹ் என்று எழுதுவார்கள்.